பிராசஸ் நிலைப் படம் வரைவோம்: மூன்று வட்டம், நான்கு அம்பு

ஓடத் தொடங்கிய ஒரு நிரல்தான் பிராசஸ். அது எந்தெந்த நிலைகளில் இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகும் என்பதை வரைந்து பார்ப்போம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இடப்பக்கம் ஒரு வட்டம் போட்டு ‘ரெடி’ என்று எழுதுங்கள். அதே உயரத்தில் வலப்பக்கம் ‘ரன்னிங்’. இரண்டுக்கும் நடுவில், கீழே தள்ளி ‘வெயிட்டிங்’. தாராளமாக இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு அம்பின் மேலும் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதாத அம்பு இந்தப் படத்தில் எதையும் சொல்லாது.

இனி ஒரு உண்மையான பிராசஸைப் பின்தொடர்ந்தே அம்புகளைப் போடுவோம். லினக்ஸ் டெர்மினலில் `cat` என்று மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள்.

அம்பு 1: ரெடியிலிருந்து ரன்னிங். தொடங்கிய `cat` முதலில் சிபியூவுக்காக வரிசையில் நிற்கிறது. ஷெட்யூலர் அதன் முறை வந்ததும் எடுத்து ஓட விடுகிறது. அம்பின் மேல் ‘டிஸ்பாட்ச்’ என்று எழுதுங்கள்.

அம்பு 2: ரன்னிங்கிலிருந்து வெயிட்டிங். ஓடத் தொடங்கிய `cat` கீபோர்டிலிருந்து ஒரு வரி கேட்கிறது. நீங்கள் இன்னும் எதுவும் அடிக்கவில்லை. அதனால் சிபியூவை விட்டுவிட்டுக் காத்திருக்கப் போய்விடுகிறது. நான்கில் இந்த ஓர் அம்புக்கு மட்டும்தான் பிராசஸ் தானே காரணம். ‘உள்ளீடு கேட்டது’ என்று எழுதுங்கள். இன்னொரு டெர்மினலில் பார்த்தால் தெரியும்:

```
$ ps -C cat -o pid,stat,comm
    PID STAT COMMAND
   4127 S+   cat
```

அந்த `S`தான் நம் வெயிட்டிங்.

அம்பு 3: வெயிட்டிங்கிலிருந்து ரெடி. இப்போது `cat` ஓடும் டெர்மினலில் ஒரு சொல்லை அடியுங்கள். எழுத்துகள் திரையில் தெரிந்தாலும் `cat` இன்னும் எழவில்லை. முழு வரியும் வரட்டும் என்று டெர்மினல் சேர்த்து வைக்கிறது. என்டர் தட்டியதும் கர்னல் அதை எழுப்பி ரெடி வரிசையில் சேர்க்கிறது. ‘உள்ளீடு வந்தது’.

நிறையப் பேர் இந்த அம்பை நேராக ரன்னிங்குக்கு இழுத்துவிடுகிறார்கள். அது தவறு. நீங்கள் என்டர் தட்டும் நொடியில் சிபியூவில் வேறொரு பிராசஸ் ஓடிக்கொண்டிருக்கலாம். உள்ளீடு கிடைத்துவிட்டது என்பதற்காக சிபியூவும் கிடைத்துவிடாது, ஷெட்யூலர்தான் தர வேண்டும். ரெடியிலிருந்து வெயிட்டிங்குக்கும் அம்பு கிடையாது. வரிசையில் நிற்கும் பிராசஸ் ஒரு கட்டளையைக்கூட இயக்குவதில்லை, அப்புறம் எப்படி உள்ளீடு கேட்கும்?

அம்பு 4: ரன்னிங்கிலிருந்து ரெடி. முதல் அம்பின் மேல் விழாதபடி வளைத்துப் போடுங்கள். இதற்கு `cat` உதவாது, எதற்கும் காத்திருக்காமல் ஓடும் பிராசஸ் வேண்டும். இரண்டு டெர்மினல்களில் இதையே அடியுங்கள்:

```
taskset -c 0 yes > /dev/null
```

இரண்டும் ஒரே கோருக்குப் போட்டியிடுகின்றன. ஒன்று சிறிது நேரம் ஓடியதும் டைமர் குறுக்கிட, கர்னல் அதை நிறுத்தி ரெடிக்கு அனுப்பிவிட்டு மற்றதை ஓட விடுகிறது. ‘டைமர் இன்டரப்ட்’ என்று எழுதுங்கள்.

இப்போது `ps -C yes -o pid,stat,comm` கொடுத்தால் இரண்டுக்குமே `R+` என்றுதான் வரும். ஒரு கோரில் ஒரு நேரத்தில் ஒன்றுதானே ஓட முடியும்? ஆனால் லினக்ஸ் ரெடியையும் ரன்னிங்கையும் ஒரே `R` எழுத்தால் காட்டுகிறது. அதனால் `ps` பார்த்து வரைந்தால் இரண்டு வட்டம்தான் கிடைக்கும், மூன்றாவதை நீங்கள்தான் பிரித்துப் போட வேண்டும். பார்த்து முடித்ததும் இரண்டு டெர்மினல்களிலும் Ctrl+C அழுத்தி நிறுத்திவிடுங்கள்.