மேலே பொன்னிறம், நடுவில் ஐஸ்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அண்ணி, பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும் நேரத்துக்குப் பிரீசரிலிருந்து எடுத்த பாக்கெட் கோழி கட்லெட்டைப் பொரித்தார். அடுப்பு முழு வேகத்தில் எரிந்தது. மூன்று நிமிடத்தில் இரண்டு பக்கமும் சிவந்துவிட, தட்டில் எடுத்து வைத்தார். ஒன்றை வெட்டினேன். நடுவில் இளஞ்சிவப்பாகக் கொழகொழவென்றிருந்தது, கத்தி முனையும் சில்லிட்டது.

நிறத்தை நம்பியதுதான் இங்கே தவறு. இந்த வகைக் கட்லெட், நக்கெட்களில் பலவற்றின் மேல்தூள் தொழிற்சாலையிலேயே லேசாகப் பொரிக்கப்பட்டு வருகிறது. சட்டியில் போட்டதும் அது சிவந்துவிடும். உள்ளே இருக்கும் கோழி பச்சையாகவே இருக்கலாம், பாக்கெட்டில் ‘மெந்தா’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இன்னொரு காரணம் ஐஸ். அதைக் கரைக்க மட்டுமே, அதே எடைத் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கும் அளவு வெப்பம் செலவாகிறது. தீயைக் கூட்டினால் மேல்தூள்தான் கருகும், நடுப்பகுதி அவசரப்படாது.

அதற்காக மேசையில் வைத்து உருக விடாதீர்கள். நம் ஊர் வெயிலில் மேல்பக்கம் கிருமிக்குத் தோதாகிவிடும், தூளும் ஊறி உதிரும். பிரீசரிலிருந்து நேராகச் சட்டிக்குத்தான் போக வேண்டும்.

மீதிக் கட்லெட்டை நான் பொரித்தேன். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் கனம். சட்டியில் மூன்று கரண்டி எண்ணெய், மிதமான தீக்கும் கொஞ்சம் கீழே. பக்கத்துக்கு ஆறு நிமிடம். அப்புறம் தெர்மாமீட்டரை மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டில் செருகி முனையை நடுவில் நிறுத்தினேன். மேலிருந்து குத்தினால் முனை அடிவரை போய்ச் சட்டியின் சூட்டைக் காட்டிவிடும். 62 காட்டியது. வேண்டியது 74. முனையைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்துவிட்டு, மூடி போட்டு நான்கு நிமிடம் விட்டேன், நடுவில் ஒரு முறை திருப்பினேன். மறுபடி பார்த்தால் 76. சரி, மற்றவற்றிலும் கனமானதைச் சோதித்தேன்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் கனமான ஒன்றை வெட்டிப் பாருங்கள். நடுவில் ஆவி பறக்க வேண்டும், கறி கண்ணாடி மாதிரி மினுங்காமல் வெள்ளையாக, நாராகப் பிரிய வேண்டும். இது ஓரளவுக்குத்தான் உதவும், வெள்ளையான கறியும் சில சமயம் 74-ஐத் தொட்டிருக்காது.

சின்ன மேசை ஓவனில் வேறு தொல்லை. குளிர்ந்த ஓவனில் தட்டை வைத்துவிட்டு, பாக்கெட்டில் உள்ள நிமிடத்தை எண்ண ஆரம்பிப்பார்கள். 200 டிகிரிக்குச் சூடேறிய பிறகே எண்ண வேண்டும். நக்கெட்டை ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்புங்கள். குவித்தால் ஆவியில் அவிந்துபோகும். நேரத்தின் பாதியில் ஒரு முறை திருப்பினால் போதும். ஓயாமல் கதவைத் திறந்தால் சூடெல்லாம் போய்விடும்.

“மூடி போட்டு மொறுமொறுப்பைக் கெடுத்துட்டியே” என்றார் அண்ணி. மூடியை எடுத்து, ஒரு நிமிடம் தீயைக் கூட்டினேன். உள்ளே வெந்தபின் செய்ய வேண்டிய வேலை அது.