சூதாட்டச் சிக்கலுக்கு முதல் கவுன்சலிங்: கடன் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்

சூதாட்டத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர் உதவி தேடிப் போகும்போது, அவர் மனதில் பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான் ஓடிக்கொண்டிருக்கும்: மொத்தக் கடன் எவ்வளவு. ஆலோசகரின் எதிரே உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் சொல்வார். சிலர் அதையும் பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள். ஆனால் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆலோசகருக்கு அதைவிட அதிகம் தேவைப்படுவது, கடைசியாக ஆடிய அந்த ஒரு நாள் எப்படிப் போனது என்பதுதான். இது தெரியாமல் போவதால், அருமையாகக் கிடைத்த முதல் சந்திப்பைப் பலர் வீணடித்துவிடுகிறார்கள்.

முரளி என்று ஒருவரைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். வயது முப்பதுகளில், மாதச் சம்பளம், கைபேசியில் பந்தய ஆப். “இவ்வளவு கடன் இருக்கு சார், இதை அடைச்சுட்டா நான் சரியாயிடுவேன்” என்று தொடங்குகிறார். ஆலோசகர் தொகையைக் குறித்துக்கொண்டு, “கடைசியா எப்ப ஆடினீங்க? அன்னைக்குக் காலையிலேர்ந்து சொல்லுங்க” என்கிறார். முரளிக்கு இது வேண்டாத கேள்வியாகத் தோன்றுகிறது. இருந்தாலும் சொல்கிறார். அன்று சம்பளம் வந்த நாள். மாலையில் கடன் கொடுத்தவரிடமிருந்து அழைப்பு. இரவு மனைவி தூங்கிய பிறகு, கூடத்தில் தனியாக, சின்னத் தொகையில் ஒரே ஒரு பந்தயம் என்று ஆரம்பித்தார். அது போனது. விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகப் போட்டார். விடியும்போது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லை.

இந்த ஒரு இரவுக்குள் ஆலோசகருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. கையில் மொத்தமாகப் பணம் வந்த நாள், பயமுறுத்திய ஓர் அழைப்பு, தனிமை, யாரும் பார்க்காத கைபேசி, இழந்ததை மீட்டுவிடலாம் என்ற நினைப்பு. இவற்றில் எந்த இடத்தில் குறுக்கே நிற்க முடியும் என்று தேடுவதுதான் அடுத்த சந்திப்புகளின் வேலை. மொத்தக் கடன் தொகை இதில் எதையும் காட்டாது. அதனால் போகும் முன், கடைசியாக ஆடிய இரண்டு மூன்று தடவை பற்றி நாள், நேரம், இடம், அதற்கு முன் என்ன நடந்தது, பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடன் பட்டியலும் வேண்டும்தான், ஆனால் அது இரண்டாவது தாள்.

அடுத்து, கேள்வித்தாளைத் தேர்வுத்தாள் போல எண்ணுவது. பல இடங்களில் முதல் நாளே ஒரு சிறு படிவம் தருவார்கள். அதிகம் புழங்குவது கனடாவில் 2001-இல் வெளியான ஒன்பது கேள்வி அளவுகோல். ஆங்கிலச் சுருக்கத்தில் பி.ஜி.எஸ்.ஐ. என்பார்கள். கடந்த 12 மாதங்களில் தாங்க முடியாத அளவுக்குப் பந்தயம் வைத்தீர்களா, விட்டதைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்பப் போனீர்களா, கடன் வாங்கினீர்களா, எதையாவது விற்றீர்களா, குற்ற உணர்வு வந்ததா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0, ‘சில நேரம்’ 1, ‘பெரும்பாலும்’ 2, ‘ஏறக்குறைய எப்போதும்’ 3. கூட்டுத்தொகை 3 முதல் 7 வரை என்றால் நடுத்தர ஆபத்து, 8-ம் அதற்கு மேலும் என்றால் சிக்கல் நிலை.

முரளி முதலில் நிரப்பியபோது 5 வந்தது. பேசப் பேச நான்கு விடைகள் மாறின. விட்டதைப் பிடிக்கப் போவது ‘சில நேரம்’ என்று போட்டிருந்தார். கடைசி ஆறு இழப்புகளில் ஆறு முறையும் போயிருக்கிறார், ஆக 3. கடன் என்றால் வங்கிக் கடன் மட்டும்தான் என்று நினைத்து 0 போட்டிருந்தார். நண்பர்களிடம் மாறி மாறி வாங்கியதைச் சேர்த்தால் 2. வாடகை தள்ளிப்போனதை வீட்டுப் பணச் சிக்கலாகவே அவர் எண்ணவில்லை. 0 என்பது 2 ஆனது. தாங்க முடியாத தொகை என்ற கேள்விக்கு 1 இருந்த இடத்தில் 2. மொத்தம் 12. முரளி பொய் சொல்லவில்லை, வெட்கம் கேள்வியைச் சுருக்கிப் படிக்க வைத்தது, அவ்வளவுதான். ஆனால் 5 என்று எழுதியதே நின்றிருந்தால், சுருக்கமான அறிவுரையோடு அனுப்பப்பட்டிருக்கலாம். இந்த எண் நோய் முத்திரை அல்ல. எந்த அளவு உதவி தேவை என்று கணிக்க உதவும் ஒரு கருவி. அதைக் குறைத்துக் காட்டினால் உதவியும் குறைந்துதான் வரும்.

பலர் அஞ்சும் இன்னொரு கேள்வி உண்டு: “உயிரை விட்டுடலாம்னு தோணியிருக்கா?” ஆலோசகர் இதை நேரடியாகவே கேட்பார். சூதாட்டச் சிக்கல் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதால் கேட்கிறார், உங்கள்மீது சந்தேகப்பட்டு அல்ல. இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதும் இல்லை. ‘ஆம்’ என்றால் உடனே ஆள் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் மறைப்பதுதான் இந்த முழு விஷயத்திலும் ஆபத்தான தவறு. எண்ணம் வந்து போகிறதா, திட்டம் ஏதும் இருக்கிறதா, வழி கையில் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டு, அதற்கேற்ப ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவார்கள். எண்ணம் அந்த இரவே வலுத்தால் யாரை அழைப்பது, எதைக் கைக்கு எட்டாமல் வைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போதே அந்த நிலையில் இருப்பவர் கவுன்சலிங் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அவசர உதவி எண்ணையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ நாட வேண்டும்.

சொல்வது எல்லாம் ரகசியமாக இருக்குமா என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். பொதுவாக இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்குகள். எங்கே கோடு விழுகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், அதைச் சொல்ல வேண்டியது ஆலோசகரின் கடமை.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை யாரும் கொண்டுபோவதில்லை. எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் விடுபடல் இது. பார்கின்சன் நோய்க்கும், இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் கோளாறுக்கும் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட உந்துதலைக் கிளப்பும். மனநல மருந்தான அரிபிபிரசோலுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. வாழ்நாளில் பந்தயம் கட்டாத ஒருவர் மருந்து தொடங்கிய பிறகு ஆட ஆரம்பித்தார் என்றால், குணம் கெட்டுவிட்டது என்று வீட்டார் திட்டும் முன் இதைப் பார்க்க வேண்டும். தானாக மருந்தை நிறுத்துவது ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

இனி உதவி எண்கள். இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாததை எதிர்பார்த்து, ஏமாந்து, இரண்டே நிமிடத்தில் அழைப்பைத் துண்டித்துவிடுபவர்கள் உண்டு. உதவி எண் கடனை அடைக்காது. கடன் கொடுத்தவரிடம் உங்களுக்காகப் பேரம் பேசாது. மாதக்கணக்கில் தொடரும் சிகிச்சையும் பெரும்பாலும் அங்கே நடக்காது. எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகராகவோ தன்னார்வலராகவோ இருப்பார். முதலில் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று பார்ப்பார். பிறகு இடைமறிக்காமல் கேட்பார். ஆட வேண்டும் என்ற வெறி அந்த நேரத்தில் உச்சத்தில் இருந்தால் அது தணியும் வரை பேசிக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகுதான் உங்கள் பகுதியில் கவுன்சலிங் எங்கே, கடன் ஆலோசனை யார் தருகிறார்கள், தன்னைத்தானே ஆட்டத்திலிருந்து விலக்கிவைக்கும் பதிவு எப்படிச் செய்வது, கைபேசியில் பந்தயத் தளங்களைத் தடுக்கும் மென்பொருள் எது, 1957 முதல் இயங்கிவரும் ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ போன்ற குழுக்கள் அருகில் கூடுகின்றனவா என்ற தகவல்கள் வரும். பெயர் சொல்லாமலே பேசலாம் என்பது பல இடங்களில் நடைமுறை. குரல் கொடுக்க முடியாத வீடு என்றால் எழுத்து அரட்டை வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே “எனக்கு என்ன செய்யணும்னு தெரியல” என்று அழைப்பதில் தவறே இல்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் பலன் கூடும். “அடுத்த சம்பளத்துக்கு முன்னாடி என் கணக்கிலிருந்து பந்தயத்துக்குப் பணம் போகாம தடுக்க என்னென்ன வழி?” என்று கேட்டால், வங்கியில் கேட்க வேண்டியது, ஆப்பில் செய்ய வேண்டியது, வீட்டில் யாரிடம் பண நிர்வாகத்தைத் தற்காலிகமாக ஒப்படைப்பது என்று வரிசையாகப் பேச முடியும்.

உதவி எண்ணைத் தேடும்போதே ஒரு கண்ணி இருக்கிறது. “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்பவர்கள் உதவி மையம் அல்ல. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர்கள் அவர்களில் உண்டு. உண்மையான உதவி எண் எதுவும் அட்டை எண்ணையோ கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ கேட்காது.

வீட்டார் செய்யும் தவறும் சொல்லப்பட வேண்டும். கவுன்சலிங்குக்கு ஒத்துக்கொண்டாரே என்ற நிம்மதியில், சந்திப்புக்கு முன்பே நகையை விற்றுக் கடனை முழுதாக அடைத்துவிடுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அழுத்தம் ஒரே நாளில் விலகியதும் “இனி எதுக்கு கவுன்சலிங்?” என்ற எண்ணம் வருகிறது, கடன் வாங்கும் தகுதியும் திரும்பிவிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேட்டில் சூதாட்டக் கோளாறுக்கு உள்ள ஒன்பது அடையாளங்களில் ஒன்றே, சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடிக்கு மற்றவர்களை நம்பியிருப்பது. வாடகையும் சாப்பாடும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை ஆலோசகரோடு பேசிய பிறகு, பணத்தை அவர் கையில் தராமல், நேராகக் கடன் கொடுத்தவருக்கே தவணையில் கட்டலாம். ஆடுபவர் வர மறுத்தால் வீட்டார் மட்டும் உதவி எண்ணை அழைக்கலாம். அவர்களுக்கான ஆலோசனையும் பல இடங்களில் உண்டு. அவரோடு சேர்ந்து போனால், முதல் பகுதியை அவர் தனியாகப் பேச விடுங்கள். மனைவி அருகில் இருந்திருந்தால் முரளியின் அந்த 0, 2 ஆகியிருக்காது.

முதல் சந்திப்பு முடியும்போது பெரிய தீர்வு எதுவும் கையில் இருக்காது. அடுத்த தேதி, இடைப்பட்ட நாட்களுக்கு இரண்டு மூன்று ஏற்பாடுகள், ஆடத் தோன்றிய நேரங்களைக் குறிக்க ஒரு தாள், இவ்வளவுதான். “பேசிட்டுத்தான் வந்தேன், ஒண்ணும் ஆகல” என்று இரண்டாவது முறைக்குப் போகாமல் நின்றுவிடுவோர் நிறைய. முரளிக்கு அடுத்த தேதி சம்பள நாளுக்கு இரண்டு நாள் கழித்து என்று கொடுத்தார்கள். அவர் அதை முன்னால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இடையில் ஒருமுறை ஆடிவிட்டாலும் அந்தத் தேதியை ரத்து செய்யாதீர்கள். ஆடிய அந்த இரவை நேரம், இடம், தொகையோடு எழுதிக்கொண்டு போங்கள்.