சாவைப் பற்றிய பாடத்தில் அம்புக்குறி போடாதீர்கள்

போன தவணையில் ஒரு பயிற்சி ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். லண்டனில் ஒரு மேனிலைப் பள்ளி, 13, 14 வயதுப் பிள்ளைகள், பாடம் இந்து சமயத்தில் மறுபிறவி. அவர் பலகையில் 'நல்வினை' என்று எழுதி, ஒரு அம்புக்குறி போட்டு, 'நல்ல பிறவி' என்று முடித்தார். அதற்குக் கீழே 'தீவினை', இன்னொரு அம்புக்குறி, 'கெட்ட பிறவி'. எனக்கு வயிறு கலங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டதும் அச்சு அசலாக இதே அம்புக்குறிதான்.

இங்குள்ள நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் சைவப் பிள்ளை சைவம் படிக்கும், கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவம் படிக்கும். இங்கிலாந்தில் அப்படியில்லை. அரசுப் பள்ளிகளில் சமயக் கல்வி எல்லோருக்கும் உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி பாடத்திட்டம் கிறிஸ்தவத்துக்கு முதலிடம் தந்து, நாட்டில் உள்ள மற்ற முக்கியச் சமயங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒருவர் வீட்டுச் சாவு நம்பிக்கையை முப்பது பேரும் சேர்ந்து படிப்பார்கள். பெற்றோரையோ கூடப்பிறந்தவரையோ இழந்த பிள்ளைகள் 29 பேருக்கு ஒருவர் என்று இங்கே துயரில் உள்ள பிள்ளைகளுக்கு உதவும் அமைப்புகள் மதிப்பிடுகின்றன. தாத்தா பாட்டி அந்தக் கணக்கில் இல்லை. அப்படியானால் நம் வகுப்பிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மென்மையாகப் பேசுங்கள், சிரிப்புப் படம் காட்டாதீர்கள் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

அம்புக்குறி

அன்று நான் அம்புக்குறி போட்டு முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "மிஸ், என் தம்பிக்கு மூன்று வயதுதான். அவன் என்ன தப்பு செய்தான்?"

அவள் தம்பி இறந்தது எனக்குத் தெரியாது. அது முதல் தவறு. அதைவிடப் பெரியது அடுத்து வந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்ற வாத்தியார் பழக்கத்தில், "அது இந்தப் பிறவியில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை, போன பிறவியில்..." என்று தொடங்கினேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். "டீச்சர், இவள் ராவிலை எழும்பி இருந்து கேக்கிறாள், தம்பி கூடாத பிள்ளையோ எண்டு. நான் என்ன சொல்லுறது?" பிள்ளையைச் சமயக் கல்வியிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமை இங்கே பெற்றோருக்கு உண்டு. அவர் அதைப் பயன்படுத்தினார். அந்த வருடம் முழுக்க அவள் என் பாடவேளையில் நூலகத்தில் இருந்தாள்.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது எதனால் என்றால், அந்த அம்புக்குறி பிள்ளையை நோகடித்தது மட்டுமில்லை, பாடமாகவும் அது பிழை. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பிறவிதோறும் சேர்ந்து கிடக்கும் குவியல் சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்த பங்கு பிராரத்தம். இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். இந்தக் கணக்கைத் திறந்து பார்த்து, இன்னாருக்கு இது இதனால் வந்தது என்று வாசிக்கும் வேலையை மனிதர் யாருக்கும் அது கொடுக்கவில்லை. கீதையின் நான்காம் அத்தியாயம் வினையின் போக்கு ஆழம் காண முடியாதது என்கிறது. பௌத்தத்தில் இன்னும் கறாராக இருக்கிறது: நினைத்து முடிவுகாண முயலக் கூடாத நான்கில் வினையின் விளைவும் ஒன்று என்று அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது.

மற்ற இரண்டு பெரிய சமயங்களுக்கு வந்தாலும் இதே கதைதான். இஸ்லாத்தில் சுன்னத் வல் ஜமாஅத் கொள்கையைச் சொல்லும் பெயர் பெற்ற நூலான தஹாவி அகீதா, தொழுகைத் திசையை ஏற்ற இன்ன மனிதர் சொர்க்கவாசி, இன்னார் நரகவாசி என்று நாமாகத் தீர்ப்பு எழுதுவதில்லை என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. ஒருவரையாவது இவர் நரகத்தில் இருக்கிறார் என்று அறிவித்ததில்லை.

கவனித்தீர்களா? பொதுவான போதனை எல்லோரிடமும் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லி ஒரு பிணத்தின் மேல் வைப்பதை எல்லோரும் தவிர்க்கிறார்கள். தவிர்க்காதது நம் பலகையும் பயிற்சித்தாளும்தான். சாவு வீட்டில் மூலையில் நின்று 'எல்லாம் செய்த வினை' என்று முணுமுணுக்கும் ஒருவர் எங்கள் ஊரிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அவரைப் பாடநூல் ஆக்க வேண்டாமே.

இப்போது நான் செய்வது வேறு. கோட்பாட்டிலிருந்து தொடங்காமல் சாவு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். குளிப்பாட்டுகிறார்கள், சுண்ணம் இடிக்கிறார்கள், திருவாசகத்திலிருந்து திருப்பொற்சுண்ணம் பாடுகிறார்கள், வாய்க்கரிசி போடுகிறார்கள். லண்டனில் கொள்ளி வைக்க முடியாது. தகனசாலையில் மூத்த மகன் ஒரு பொத்தானை அழுத்துகிறான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'இவ்வளவும் செய்கிறவர்கள், இறந்தவர் எங்கே போகிறார் என்று நம்பினால் இப்படிச் செய்வார்கள்?' என்று கேட்பேன். மறுபிறவியும் முத்தியும் அந்தக் கேள்விக்கு விடையாக வரும். யாருக்கும் தண்டனையாக வராது.

தேர்வுக்கு வினைக் கொள்கை வேண்டுமே என்பார்கள். வேண்டும்தான். வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். 'தீயவர்கள் கீழான பிறவி எடுப்பார்கள்' என்று எழுத வைக்காதீர்கள். 'செயலுக்குப் பலன் உண்டு, அது இந்தப் பிறவியிலோ இனி வரும் பிறவியிலோ வரும் என்று பல இந்துக்கள் நம்புகிறார்கள். ஆனால் ஒருவருக்கு நடந்தது எதனால் என்று மனிதரால் சொல்ல முடியாது என்றும் அவர்களுடைய மரபு சொல்கிறது' என்று எழுதட்டும். முதல் வாக்கியத்தைவிட இது விஷயம் தெரிந்தவர் எழுதியது.

அப்புறம், அந்தப் பெண் கேட்ட கேள்வி. அது மறுபடி வரும். வந்தால் நான் சொல்வது: "தெரியாதம்மா. உன் தம்பியைப் பற்றி அப்படி ஒரு கணக்குச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை, அந்தச் சமயமும் கொடுக்கவில்லை. பாடம் முடிந்ததும் கொஞ்சம் நில்." அவ்வளவுதான். உடனே அடுத்த வேலைக்கு வகுப்பைத் திருப்பிவிடுவேன், முப்பது தலைகள் அவள் பக்கம் திரும்பியபடி இருக்கக் கூடாது.

இதே அம்புக்குறி சில சமயம் பிள்ளைகளின் வாயிலிருந்து வரும். 'தற்கொலை செய்தால் நேரே நரகம்' என்று ஒருவன் சொல்வான். அங்கே 'சுவாரசியமான கருத்து, மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று விவாதத்தைத் திறந்துவிடாதீர்கள். அப்போதே நிறுத்தித் திருத்த வேண்டிய இடம் அது. 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. கடும் மனக்கலக்கம் அவர்களுடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் சொல்கிறது. அந்த மூன்றையும் நாக்கு நுனியில் வைத்திருங்கள்.

கேட்காமல் வெளியே அனுப்புவது

அம்புக்குறிக்கு அடுத்த வருடம் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். அம்மாவை இழந்த ஒரு முஸ்லிம் பையன். இஸ்லாத்தில் மறுமை பற்றிய பாடம் வந்த அன்று, நோகக் கூடாதே என்று அவனை நூலகத்துக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் என்னிடம் வந்து, "ஜனாஸா தொழுகையில் நான் முன்வரிசையில் நின்றேன். கபன் துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னை ஏன் அனுப்பினீர்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இப்போது அலகு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக்குக் கடிதம் போகும். வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் யார் யாரை இழந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வேன். பிறகு அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, எந்த நாளில் என்ன வரும் என்று பக்கம் பக்கமாகக் காட்டுவேன். இருப்பதா போவதா என்பது அவர்கள் முடிவு. இருந்துவிட்டு நடுவில் போக வேண்டுமானால் மேசையில் ஒரு நீல அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போகலாம், கேட்க வேண்டியதில்லை. அநேகமாக எல்லோரும் இருப்பார்கள். அட்டையை ஒருமுறையாவது திருப்பியவர்கள் மிகக் குறைவு.

'நீதானே இந்து, நீ சொல்லு'

பிள்ளையைச் சமயத்தின் பிரதிநிதி ஆக்காதீர்கள். வீட்டில் நடப்பது அதற்கே முழுதாகத் தெரியாது, தெரிந்தாலும் வகுப்புக்குச் சொல்லும் விஷயமில்லை.

ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியது உண்டு. ஒருமுறை கோயிலுக்கு வகுப்பைக் கூட்டிப்போன நாளில் ஒரு தமிழ்ப் பையன் பேருந்தை விட்டு இறங்க மறுத்தான். கூட வந்த ஆசிரியர் அடம் என்று குறித்துக்கொண்டார். அவனுடைய அப்பம்மா இறந்து மூன்று வாரம். இலங்கைத் தமிழர் வீடுகளில் துடக்கு பொதுவாக 31ஆம் நாள் அந்தியேட்டியோடுதான் கழியும், அதுவரை கோயிலுக்குப் போவதில்லை. பையனுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல வார்த்தை இல்லை, பேசாமல் இருந்துவிட்டான்.

'உன் இரங்கல் குறிப்பை நீயே எழுது'

இப்படி ஒரு வகுப்புப் பயிற்சி. வேண்டாம்.

'ஆம்' மூலை, 'இல்லை' மூலை

'சாவுக்குப் பின் ஒன்றுமில்லை' என்று பலகையில் எழுதிவிட்டு, அறையின் இரு மூலைகளுக்குப் பிள்ளைகளை நடக்கச் சொல்லும் விளையாட்டு. எழுதித் தரட்டும், போதும்.

சிவப்பு மை

இது சின்ன விஷயம், ஆனால் எல்லோரும் செய்வது. அதே தலைப்பில் 12 மதிப்பெண் கட்டுரை ஒன்று உண்டு. ஒரு பெண் ஒரு பக்கம் முழுக்கத் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள்: மருத்துவமனை, கடைசியாகப் பேசியது, அவருடைய சட்டையை இன்னும் துவைக்கவில்லை என்பது. பயிற்சி ஆசிரியர் கீழே, 'சமயப் போதனை ஏதும் குறிப்பிடப்படவில்லை, 3/12' என்று எழுதியிருந்தார். மதிப்பெண் முறைப்படி அவர் செய்தது சரி.

அந்தப் பக்கத்தில் எண் எதுவும் எழுதாதீர்கள் என்றேன். பென்சிலால் இரண்டு வரி பதில் எழுதச் சொன்னேன். 'வாசித்தேன். சட்டையைப் பற்றி எழுதியது எனக்கு நினைவிருக்கும்.' மதிப்பெண்ணும் அந்தப் போதனை பற்றிய குறிப்பும் தனித்தாளில், இரண்டு நாள் கழித்து, கையில் கொடுக்க.