கடைசி ஸ்லைடுக்குத் தாவுகிறவர்களுக்காக

வண்ணாரப்பேட்டை வீட்டில் செய்யும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸின் செய்முறையை, தள்ளித் தள்ளிப் பார்க்கும் எட்டு ஸ்லைடுகளாகப் போட்டேன். எட்டாவதில் வெறும் 'நன்றி'. அக்கா நேராக அங்கே தாவினாள், ஒன்றுமில்லை என்று மூடிவிட்டாள்.

இப்போது எட்டாவதில் கலந்து முடித்த தட்டும் பொருள் பட்டியலும் இருக்கின்றன. பின்னோக்கித் தள்ளுகிறவர் அடுத்துப் பார்ப்பது ஏழாவது. அதனால் ருசியைத் தீர்மானிக்கும் கட்டம், அதாவது புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் சேர்த்துப் பிசைவது, அங்கே. நூடுல்ஸ் வேகவைப்பது யாருக்குத்தான் தெரியாது? அது நடுவில் கிடக்கட்டும்.

'அப்புறம் இதைச் சேர்க்கவும்' என்று எழுதாதீர்கள். பின்னாலிருந்து வருகிறவருக்கு 'இது' எது என்று தெரியாது. 'வேகவைத்த நூடுல்ஸில் புளித்தண்ணீர்' என்று பெயரையே சொல்லுங்கள். மூலையில் 7/8 என்று எண்ணும் போடுங்கள். வெளியிடும் முன் எட்டிலிருந்து ஒன்றுவரை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். புரியாமல் நிற்கிற ஸ்லைடு உடனே தெரிந்துவிடும்.