பீப் கேட்டதும் பின் எண்ணை எழுதிவிடாதீர்கள்

காரைக்குடியில் முறுக்கும் சீப்புச் சீடையும் மணகோலமும் விற்கும் ஒரு பலகாரக் கடையிலிருந்து சென்ற மாதம் ஒரு தம்பி வந்தார். கையில் ஒன்பது பின் சீரியல் கேபிள் ஒன்று. ஒரு முனை பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் வகை, அதாவது 'மேல்'; மறுமுனை துளைகள் உள்ள பெண் வகை, 'ஃபீமேல்'. கேபிளில் எந்தக் குறிப்பும் இல்லை. எலக்ட்ரானிக் தராசிலிருந்து பில் போடும் கம்ப்யூட்டருக்கு எடை போக வேண்டும். "மல்டிமீட்டர் வச்சுப் பாத்துட்டேன்ணே. உள்ளே எல்லாம் மாறிக் கிடக்கு. வெட்டி மறுபடி பத்தவச்சுத் தாங்க" என்றார். காகிதத்தில் அவர் எழுதியிருந்தது இது (இடப்பக்கம் மேல் முனை, வலப்பக்கம் ஃபீமேல்):

```
2 → 4
3 → 3
5 → 1
7 → 8
8 → 7
```

கேபிள் சரியாகத்தான் இருந்தது. பார்த்த முறையில்தான் தவறு. அவர் செய்தது பலரும் செய்வது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், கேபிளின் ஒரு முனை தராசில் செருகியபடியே சோதிக்கத் தொடங்கி, பிறகுதான் அதைக் கழற்றியிருக்கிறார். இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் கன்டினியூட்டி சோதனையில் மீட்டர் தானே ஒரு சிறிய மின்னழுத்தத்தை அனுப்பி, கரன்ட் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. மறுமுனையில் கருவி மாட்டியிருந்தால் அந்தக் கரன்ட் கருவிக்குள் இருக்கும் சுற்று வழியாகவும் சுற்றி வரும். கேபிளில் இல்லாத இணைப்பு இருப்பதுபோல் காட்டும். கருவி ஆனில் இருந்தால் அளவு நம்பத்தக்கதாகவே இராது, மீட்டரும் கெடலாம். ஆகவே இரண்டு முனையும் கழற்றப்பட்டு, கேபிள் தனியாக மேஜைமேல் கிடக்க வேண்டும்.

அடுத்து, காதை மட்டும் நம்புவது. பெரும்பாலான மீட்டர்களில் பஸ்ஸர் ஒலிக்க பூஜ்யம் ஓம் தேவையில்லை. சிலவற்றில் 30 ஓமுக்குக் கீழே, சிலவற்றில் 50 ஓமுக்குக் கீழே வந்தாலே பீப் வந்துவிடும். நல்ல செப்புக் கம்பிக்கும், பாதி விட்டுப்போன பற்றவைப்புக்கும் ஒரே சத்தம்தான். எனவே திரையில் வரும் எண்ணைப் பாருங்கள். தொடங்கும் முன் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு, புரோப் கம்பிக்கே எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 0.2 அல்லது 0.3 ஓம் வரும். இரண்டு மீட்டர் நீளக் கேபிள் அதற்கு மேல் அரை ஓம் அளவு கூட்டினால் சரி. 15, 20 என்று காட்டிக்கொண்டு பீப்பும் வந்தால் அதை இணைப்பாக எழுதாதீர்கள். கனெக்டரைத் திறந்து பாருங்கள்.

தம்பியின் காகிதத்தைக் குழப்பியது வேறொன்று. அவர் இரண்டு முனைகளையும் முகத்துக்கு நேரே பிடித்து, ஐந்து பின் உள்ள வரிசையை மேலே வைத்து, இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறார். மேல் முனைக்கு அது சரி. ஃபீமேல் முனைக்குச் சரியல்ல. இரண்டும் எதிரெதிரே வந்து கோர்த்துக்கொள்ள வேண்டியவை. ஆகவே ஃபீமேல் முகம் மேல் முகத்தின் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கும். முகத்துக்கு நேரே பிடித்தால் அதில் ஒன்றாம் எண் வலது ஓரத்தில் இருக்கிறது. கனெக்டரின் பின்புறம், கம்பி பற்றவைக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் வரிசை இன்னொரு முறை திரும்பிவிடும்.

இதில் நம்மை ஏமாற்றுவது மூன்றாம் பின். ஐந்தில் அது நடுவில் இருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மூன்றுதான். அது சரியாக வந்துவிட்டதே என்று மற்றவற்றையும் நம்பிவிடுகிறோம். இன்னொன்று, ஏழும் எட்டும் இடம் மாறித் தெரிவது. குறுக்காக மாற்றிக் கட்டிய சீரியல் கேபிள்களில் உண்மையிலேயே அப்படி இருக்கும். அதனால் "கிராஸ் கேபிள்போல" என்று முடிவுகட்டத் தோன்றும்.

அவருடைய எண்களைக் கூட்டிப் பாருங்கள். 2-ம் 4-ம் ஆறு. 3-ம் 3-ம் ஆறு. 5-ம் 1-ம் ஆறு. கீழ் வரிசையில் 7-ம் 8-ம் பதினைந்து. மேல் வரிசை முழுக்க ஆறாகவும் கீழ் வரிசை முழுக்க பதினைந்தாகவும் வந்தால், ஒரு முனையைத் தலைகீழாக எண்ணியிருக்கிறீர்கள். கேபிள் நேர் கேபிள். சீரியலில் ஐந்தாம் பின் கிரவுண்டு. அது போய் ஒன்றில் நிற்கிறது என்றபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எண்ணுவதையே விட்டுவிட்டு, ஒவ்வொரு பின் பக்கத்திலும் பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை லென்ஸ் வைத்துப் படிப்பதே நல்லது. அப்படிப் படித்ததும் 2-க்கு 2, 3-க்கு 3, 5-க்கு 5, 7-க்கு 7, 8-க்கு 8 என்று வந்தது.

முதல் பீப் வந்ததும் அடுத்த பின்னுக்குத் தாவுவதும் கூடாது. ஒரு பின் இரண்டு மூன்று இடங்களுக்குப் போகலாம். சில சீரியல் கேபிள்களில் ஒரே முனையின் 7-ம் 8-ம் மூடிக்குள் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். 1, 4, 6 மூன்றையும் சேர்த்திருப்பதும் உண்டு. அந்தக் கம்பி மறுமுனைக்குப் போகவே போகாது. ஆகவே ஒரு பின்னில் புரோபை வைத்தபின் மறுமுனையின் ஒன்பதையும், உலோக உறையையும், அதே முனையின் மற்ற எட்டையும் தொட்டுப் பாருங்கள். விலை குறைந்த மீட்டர்கள் பதில் சொல்லச் சற்றுத் தாமதிக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு விநாடி நில்லுங்கள். புரோபின் நுனி வழுக்கி உறையைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஷீல்டு ஐந்தாம் பின்னோடு சேர்ந்திருந்தால் அந்தத் தொடுகையும் பீப் கொடுக்கும்.

ஃபீமேல் துளைக்குள் புரோப் நுனியைத் திணிக்காதீர்கள். துளைக்குள் பின்னைக் கவ்விப்பிடிக்கும் உலோகம் விரிந்துவிடும். சோதனையில் நல்லதாகத் தெரிந்த கேபிள் கடையில் விட்டுவிட்டு வேலை செய்யும். நான் ரெசிஸ்டரிலிருந்து வெட்டிய மெல்லிய கம்பிக்காலைத் துளையில் விட்டு, அதை முதலைக் கிளிப்பால் பிடித்துக்கொள்வேன். ஒரு கை ஓய்வாகவும் இருக்கும்.

இதெல்லாம் முடிந்தாலும் கேபிள் இந்தத் தராசுக்குப் பொருந்துமா என்பதைக் கன்டினியூட்டி சொல்லாது. அதற்குத் தராசை ஆன் செய்து, கேபிளைச் செருகாமல், மீட்டரை டிசி 20 வோல்ட்டுக்கு மாற்றினோம். கறுப்புப் புரோப் ஐந்தில், சிவப்பு இரண்டில்: மைனஸ் 8 வோல்ட்டுக்குச் சற்று மேல், அசையாமல் நின்றது. மூன்றில் ஏறக்குறைய பூஜ்யம். சீரியலில் அனுப்பும் கம்பி சும்மா இருக்கும்போது மைனஸில் நிற்கும்; ஆகவே தராசு இரண்டில் அனுப்புகிறது. கம்ப்யூட்டரின் மேல் போர்ட் வாங்குவதும் இரண்டில்தான். நேர் கேபிளே போதும்.

கடைசியாக 2-ம் 5-ம் பீப் அடித்துக்கொண்டிருக்கும்போதே கேபிளை இரண்டு மூடிக்கும் பக்கத்தில் மெல்ல வளைத்துப் பார்த்தேன். ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். வளைத்தால்தான் அது அறுந்து அறுந்து ஒலிக்கும். சத்தம் விடாமல் வந்தது. எண்களைச் சிறு காகிதத்தில் எழுதி, "மேல் முனை தராசுக்கு" என்றும் சேர்த்து, செல்லோ டேப்பால் கேபிளிலேயே சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.