மிக உயரமான உச்சி 100 என்றால், 100 ஆல் வகுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர இரசாயனம் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போது அடிக்கடி காணும் பிழை இது. மக்னீசியத்தின் திணிவு நிறமாலையில் 24, 25, 26 இல் மூன்று உச்சிகள். உயரங்கள் 100, 12.7, 13.9. இவற்றிலிருந்து மக்னீசியத்தின் சராசரி அணுத்திணிவைக் காண வேண்டும். ஒவ்வொரு திணிவையும் அதன் உச்சியின் உயரத்தால் பெருக்கிக் கூட்டினால் 3078.9 வரும். அதை 100 ஆல் வகுத்து 30.79 என்று எழுதிவிடுகிறார்கள். மிகப் பாரமான சமதானியே 26 தான், சராசரி அதைத் தாண்டுமா?

இங்கே 100 என்பது சதவீதம் அல்ல. மிக உயரமான உச்சியை 100 ஆக வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே உயரங்களின் கூட்டுத்தொகையான 126.6 ஆல் வகுக்க வேண்டும். விடை 24.32.

பரீட்சையில் கல்குலேட்டர் கிடையாதே, பெரிய பெருக்கலை என்ன செய்வது? 24 ஐ ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். 25 க்கு ஒன்று கூட, 26 க்கு இரண்டு கூட. 12.7 உடன் 27.8 ஐக் கூட்டினால் 40.5, அதை 126.6 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.32. அதை 24 உடன் சேர்த்தால் சரி.

ஆவர்த்தன அட்டவணையில் 24.305 என்று இருக்கிறதே என்று சிலர் குழம்புவார்கள். நாம் முழு எண்களை எடுத்ததால் வந்த வித்தியாசம் அது. சமதானிகளின் உண்மையான திணிவுகள் 23.985, 24.986, 25.983, அவற்றைப் போட்டால் அந்த 24.305 அப்படியே வரும்.