சேமிப்பா, வங்கிக் கடனா? பட்டறையை விரிவாக்கும்போது தப்பாகப் போடும் கணக்குகள்

கோயம்புத்தூர் கணபதி பக்கம் இருக்கிற மாதிரி ஒரு சின்ன லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். முதலாளி, இரண்டு ஆட்கள், இரண்டு பழைய லேத். பெரிய கம்பெனிகள் பொருளைக் கொடுக்கும். கடைந்து கொடுத்துக் கூலி வாங்கும் ஜாப் ஒர்க். வேலை தேடி வருகிறது, ஆனால் பழைய லேத்தில் அந்த அளவு துல்லியம் வராது. கம்ப்யூட்டர் புரோகிராம்படி கடையும் ஒரு சிஎன்சி மிஷின் போடலாம் என்று முடிவாகிவிட்டது. கையில் 16 லட்சம் சேமிப்பு, எஃப்டியில் கிடக்கிறது.

கணக்குக்காக விலையை இப்படி வைத்துக்கொள்கிறேன். மிஷின் 12 லட்சம், அதன் மேல் 18% ஜிஎஸ்டி 2.16 லட்சம். மின் இணைப்பில் கூடுதல் லோடு, ஸ்டெபிலைசர், கம்ப்ரசர், முதல் செட் டூல் எல்லாம் சேர்த்து இன்னொரு 1.5 லட்சம். மொத்தம் 15.66 லட்சம். சேமிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். “நம்ம பணமே இருக்கும்போது எதுக்கு வட்டி கட்டணும்?” என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழக்கமாகக் கிடைக்கிற பதிலில்தான் கோளாறு.

சொந்தப் பணத்துக்கு வட்டி இல்லை என்று நினைப்பது

சேமிப்பைப் போட்டு வாங்கினால் தவணை கிடையாது, அதனால் வருகிறதெல்லாம் லாபம் என்று தோன்றும். இந்த மிஷின் என்ன சம்பாதிக்கும் என்று பார்ப்போம். மணிக்கு 300 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர ஷிப்டில் உண்மையில் ஓடுவது ஆறு மணி நேரம்தான். மீதி செட்டிங்கிலும் டூல் மாற்றுவதிலும் கரண்ட் போவதிலும் கழியும். மாதம் 25 நாள் என்றால் 150 மணி நேரம், 45,000 ரூபாய். ஆபரேட்டர் சம்பளம் 20,000, மின்சாரம் 6,000, இன்சர்ட், கூலண்ட் வகையில் 5,000 போக நிற்பது 14,000.

கடன் இல்லாதவருக்கு இது மாதா மாதம் லாபமாகத் தெரியும். ஆனால் 15.66 லட்சம் மிஷினில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வருடம் 1.68 லட்சம் வருகிறது. மிஷின் தேய்வதையும், பெரிய ரிப்பேர் ஒன்றையும், எஃப்டியில் விட்டுப்போன வட்டியையும் கழித்தால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒரு ஷிப்ட் ஓட்டுவதற்காக இந்த மிஷினை வாங்கவே கூடாது. சேமிப்பில் வாங்கியவருக்கு இந்த உண்மை நாலைந்து வருடம் கழித்து, அடுத்த மிஷினுக்குப் பணம் தேடும்போதுதான் தெரியவரும். கடனில் வாங்கியவருக்கு மூன்றாவது மாதமே தெரிந்துவிடும்.

இரண்டு ஷிப்ட் ஓடினால் கதை வேறு. 300 மணி நேரம், 90,000 ரூபாய், செலவு 62,000, மிச்சம் 28,000. ஆகவே பணம் எங்கிருந்து வந்தாலும் சரி, முழுத் தொகைக்கும் கடன் வாங்கினால் தவணை எவ்வளவு வரும் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். 11% வட்டியில் ஐந்து வருடத்துக்கு ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் 2,174 ரூபாய். 15.66 லட்சத்துக்கு 34,000 தாண்டுகிறது. இரண்டு ஷிப்டிலும் அதைத் தாங்க முடியவில்லை என்றால், பழைய லேத் வருமானம் எவ்வளவு கைகொடுக்கும், இரண்டாவது ஷிப்டுக்கான வேலையை எந்த பார்ட்டி உறுதியாகத் தருகிறார் என்பதற்கெல்லாம் முதலில் பதில் வேண்டும். மிஷின் விற்பவர் போட்டுக் காட்டுகிற கணக்கில் மிஷின் தினமும் இருபது மணி நேரம் ஓடும். அதை நம்பி யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கையிருப்பை முழுக்க மிஷினில் போட்டுவிடுவது

இது எல்லாவற்றையும் விட அடிக்கடி நடக்கிறது. மிஷின் வந்து இறங்கிய அன்றே பணம் வரத் தொடங்காது. பொருத்த, புரோகிராம் எழுத, சாம்பிள் கொடுத்து அப்ரூவல் வாங்க ஒரு மாதம். அப்புறம் வேலை செய்து பில் போட வேண்டும். பில் போட்டு அறுபது, எழுபத்தைந்து நாளில் பேமெண்ட். உத்யம் பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் ஒரே பெரிய பார்ட்டியை நம்பியிருக்கிற பட்டறைக்காரர் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசத் தயங்குவார். அதுவும் புரிந்துகொள்ளக் கூடியதே.

ஆக நான்கு மாதம் புதிய மிஷின் பணத்தைத் தின்னுமே தவிர தராது. இரண்டு ஷிப்ட் செலவு 62,000 வீதம் ஏறத்தாழ 2.5 லட்சம். தவணை, கீழே போடப்போகும் கணக்கின்படி, 20,000 என்று கொண்டால் நான்கு மாதத்துக்கு 80,000. பழைய பார்ட்டி ஒருவர் இதே நேரத்தில் இழுத்தடித்தால் சமாளிக்க, பழைய பட்டறையின் வாடகை, சம்பளம் மாதம் 1.1 லட்சம் வீதம் இரண்டு மாதத்துக்கு 2.2 லட்சம். மொத்தம் 5.5 லட்சம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவர் மூன்றாவது மாதம் நகையை எடுத்துக்கொண்டு போவார், அல்லது வார வட்டிக்காரரைத் தேடுவார். 11% வட்டியைத் தவிர்க்கப் போய், அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வட்டியில் வந்து நிற்பது இப்படித்தான்.

அந்த நேரத்தில் வங்கிக்குப் போகலாமே என்று கேட்கலாம். மிஷினுக்கு என்று கேட்டால் கொட்டேஷனைப் பார்த்து, விற்பவர் கணக்குக்கே நேராகப் பணம் அனுப்புவது வங்கிக்கு எளிது. ஏற்கெனவே வாங்கி ஓடிக்கொண்டிருக்கிற மிஷினுக்குப் பின்னால் போய்க் கடன் கேட்பது கஷ்டம். கணக்கில் இருப்பு வற்றிப்போன மாதத்தில் நடைமுறை மூலதனம் கேட்பது அதைவிடக் கஷ்டம்.

எவ்வளவு கடன் என்பதைத் தலைகீழாகப் போடுவது

பலர் முதலில் வங்கி எவ்வளவு தரும் என்று கேட்டுவிட்டு, மீதிக்குச் சேமிப்பை எடுக்கிறார்கள். இல்லையென்றால் சேமிப்பை எல்லாம் போட்டுவிட்டு, குறைகிறதற்குக் கடன் கேட்கிறார்கள். இரண்டிலும் எடுக்கக் கூடாத பணம் எது என்று யாரும் முதலில் ஒதுக்கி வைப்பதில்லை.

நம் உதாரணத்தில் 16 லட்சத்தில் 4 லட்சம் மகளின் கல்லூரிக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வங்கிப் புத்தகத்தில் ஒரே கணக்கில் இருந்தாலும் அது பட்டறைப் பணம் இல்லை. நடைமுறைச் செலவுக்கு வைத்த 5.5 லட்சத்தையும் தொடக் கூடாது. மிச்சம் 6.5 லட்சம். தேவை 15.66 லட்சம். எனவே கடன் ஏறக்குறைய 9.2 லட்சம், ஐந்து வருடத்தில் மாதத் தவணை 20,000. இரண்டு ஷிப்ட் மிச்சமான 28,000 இதைத் தாங்கும், ஒரு ஷிப்டின் 14,000 தாங்காது. மிஷின் பில்லில் கால்பங்கு அளவுக்கு மார்ஜின் என்று சொந்தப் பணம் போடச் சொல்வது வங்கிகளின் வழக்கம். சொந்தப் பணம் 6.5 லட்சம் போடுகிறவருக்கு அதில் சிக்கல் வராது. தொகையும் இந்த அளவுக்குள் இருப்பதால், சிறு தொழிலுக்கான ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்தை அடமானம் கேட்க முடியாது. முத்ரா திட்டத்தில் தருண் என்ற பிரிவும் 5 முதல் 10 லட்சம் வரைதான்.

இதற்கு ஐந்து வருடத்தில் கட்டும் வட்டி சுமார் 2.8 லட்சம். பெரிதாகத் தெரியும். ஆனால் அதே பணம் எஃப்டியில் 6.5% வாங்கிக்கொண்டிருந்தால் அதில் 1.65 லட்சம் அளவுக்கு ஈடாகிவிடும். கூடுதல் சுமை மாதம் 2,000 ரூபாய்க்கும் கீழே. கையில் பணம் இருப்பதற்காகக் கொடுக்கும் விலை என்று பார்த்தால் எனக்கு அது அதிகமாகப் படவில்லை. எஃப்டியை உடைக்காமல் அதன் மேலேயே ஓவர்டிராஃப்ட் போட்டுவைத்தால் இன்னும் நல்லது: எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி, எஃப்டி வட்டியை விட ஒன்று இரண்டு சதவீதம் அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் என்ற பயம் பலருக்கு. 2026 ஜனவரி 1 முதல் வணிக வங்கிகள் அனுமதிக்கிற, மாறும் வட்டிக் கடன்களுக்குத் தனிநபர்களிடமும் குறு, சிறு தொழில்களிடமும் அந்தக் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆகவே ஒரு வருடம் நன்றாக ஓடினால் ஒதுக்கி வைத்ததில் இரண்டு லட்சத்தைக் கடனில் கட்டித் தவணையைக் குறைக்கலாம். மிஷினில் போட்ட சேமிப்பை இப்படித் திரும்ப எடுக்க வழியில்லை. விற்றால் பாதி விலை வந்தால் பெரிது.

கடன் என்று முடிவானபின் சறுக்குவது

மிஷின் விற்பவரே அழைத்து வரும் ஃபைனான்ஸ்காரர் “வெறும் பத்து பர்சென்ட்தான் சார்” என்பார். அது, கட்டக் கட்டக் குறையாமல் கடைசி வரை முதல் தொகை முழுசுக்கும் போடுகிற ஃபிளாட் வட்டியா என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்கு 10% ஃபிளாட் என்றால், ஒரு லட்சத்துக்கு மாதம் 3,611 ரூபாய். வங்கி போடுகிற குறையும் இருப்புக் கணக்கில் அது 18% வட்டிக்குச் சமம். விகிதத்தைப் பேசாமல், கைக்கு வரும் தொகை, மாதத் தவணை, எத்தனை மாதம் என்ற மூன்றை மட்டும் எழுதி வாங்கி ஒப்பிட்டால் ஏமாற மாட்டீர்கள்.

ஏற்கெனவே வங்கியில் நடைமுறை மூலதனத்துக்கான சிசி லிமிட் வைத்திருப்பவர்கள் அதிலிருந்து எடுத்து மிஷின் வாங்குவதும் உண்டு. அந்தப் பணம் சரக்குக்கும் பாக்கிக்கும் சுற்ற வேண்டியது. மிஷினுக்குள் போனால் சுற்று நின்றுவிடும், கணக்கு எப்போதும் லிமிட்டின் உச்சியிலேயே நிற்கும். அடுத்த புதுப்பித்தலில் மேலாளர் முதலில் கவனிப்பது அதைத்தான். ஐந்து வருடம் உழைக்கிற பொருளுக்கு ஐந்து வருடத் தவணைக் கடனே பொருத்தம்.

வட்டிக்கு வரிச் சலுகை உண்டு என்று சொல்லிக் கடனைப் பெரிதாக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். முறையாகக் கணக்கு எழுதி லாபம் காட்டுகிறவருக்கு அது சரி. விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டுகிற அனுமான முறையில் இருக்கும் சிறு பட்டறைக்கு வட்டியைத் தனியாகக் கழிக்க முடியாது.

கடைசியாக, மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். மத்திய அரசின் பிஎம்இஜிபி மானியத் திட்டத்தில் முதல் கடன் புதுத் தொழிலுக்குத்தான், ஓடுகிற பட்டறைக்கு இல்லை. ஆனால் பட்டியல் இன, பழங்குடித் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் விரிவாக்கத்துக்கும் 35% முதலீட்டு மானியமும் 6% வட்டி மானியமும் உண்டு. அது கிடைக்கிறவருக்கு மேலே போட்ட கணக்கு முழுதும் மாறிவிடும். சேமிப்பில் மிஷின் வாங்குவதே அங்கே நஷ்டம். மற்றத் திட்டங்களில் எது கடன் ஒப்புதலுக்குப் பிறகு வாங்கினால்தான் செல்லும், எது உற்பத்தி தொடங்கியபின் கேட்கலாம் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பில் தேதி ஒரு வாரம் முந்திப்போனதற்காக மானியம் கைவிட்டுப் போனால், அப்புறம் யாரிடம் முறையிட்டும் பயனில்லை.